ஷூ நனைஞ்சிருச்சா? மொதல்ல அந்த ஃபிரிட்ஜ் பின்னாடி வெக்கிறத விடுங்க

போன ஐப்பசி மழையில எங்க அக்கா பையன் ஒரு கட்டைப்பைய தூக்கிக்கினு வேலூர் சத்துவாச்சாரி வீட்டுக்கு வந்தான். உள்ள ஒரு ஜோடி பிரவுன் லெதர் ஷூ. வேலைக்கு சேந்த புதுசுல ஆம்பூர்ல எக்ஸ்போர்ட் மிச்ச சரக்கு விக்கிற கடையில வாங்கினது, ரெண்டு மாசம்கூட முழுசா போடல. "மாமா நீதான் ஷூ கம்பெனில இருந்தல்ல, இத பாத்து சொல்லு, தூக்கி போட்டுடவா"ன்னான். நான் ஆம்பூர் பக்கம், கால் ரூபத்துல இருக்கிற கட்டை மேல லெதர இழுத்து ஏத்துற லாஸ்டிங் செக்‌ஷன்ல ஒம்பது வருஷம் நின்னவன், ஷூவ பாத்தா கை சும்மா இருக்காது, வாங்கி பாத்தேன். வலது கால் ஷூ நாக்குலயும் தையல் ஓரத்துலயும் வெள்ளையா பூஞ்சை. இடது கால்ல பூஞ்சையே இல்ல, ஆனா லெதர் அப்பளம் மாதிரி மொறமொறன்னு, முன்னாடி சோல் வாய பொளந்துக்கினு இருக்கு. ஒரே ஜோடி, ஒரே நாள் மழை, ரெண்டுக்கும் வேற வேற வியாதி.

விசாரிச்சா கதை இதான். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கிரீன் சர்க்கிள்கிட்ட தேங்கி நின்ன தண்ணில வண்டி ஆஃப் ஆகி, இறங்கி தள்ளிக்கினு வந்திருக்கான், கணுக்கால் வரைக்கும் தண்ணி. வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜ் பின்னாடி சூடா இருக்குமேன்னு வெக்கப் பாத்திருக்கான், அங்க ஒரு ஷூவுக்குதான் எடம், இடது அங்க போச்சு, வலது ஃபேனுக்கு கீழ. சனிக்கிழமை தொட்டுப் பாத்தா ரெண்டும் காஞ்ச மாதிரிதான் இருந்துச்சாம், நல்லா பாலிஷ் போட்டு, தூசி படக்கூடாதுன்னு பாலிதீன் கவர்ல கட்டி, டப்பாவுல போட்டு, செல்ஃப்ல வெச்சுட்டான். பன்னெண்டு நாள் கழிச்சு தொறந்தா இந்த கோலம்.

லெதர் ஷூ புதுசா வாங்கினவங்க இந்த ஊர் மழையில பண்ற தப்பு எல்லாம் இந்த ஒரு ஜோடியிலயே இருக்கு, அதனால இத வெச்சே சொல்றேன். நான் சொல்றது வழவழன்னு இருக்கிற சாதா லெதருக்கு. சூவேட் மாதிரி மொசுமொசுன்னு இருக்கிறதுக்கு காய வெக்கிற வரைக்கும் இதே கததான், ஆனா க்ரீம் பாலிஷ் எதுவும் அதுல படக்கூடாது, பிரஷ் மட்டும்தான்.

மொத ராத்திரி என்ன பண்ணணும்

வீட்டுக்குள்ள வந்ததும் லேஸ மொத்தமா உருவிடுங்க, தளர்த்தி விட்டா போதாது. நாக்க முன்னாடி இழுத்து விடுங்க. உள்ள இருக்கிற மெத்தை அட்டை கையில வருதான்னு பாருங்க, வந்தா எடுத்து தனியா சாய்ச்சு வைங்க, வரலன்னா புடிச்சு பிக்காதீங்க, ஒட்டியிருக்கும். அப்புறம் சேற துடைக்கணும், நல்ல தண்ணில துணிய நனைச்சு புழிஞ்சு, ஷூ முழுக்க ஒரே மாதிரி. ஏற்கனவே நனைஞ்சத மறுபடி ஏன் ஈரத் துணில துடைக்கணும்னு கேப்பீங்க. பாதி நனைஞ்சு பாதி காஞ்சிருக்கிற லெதர்ல அந்த எல்லைக்கோடு அப்படியே கறையா நின்னுடும், ரோட்டுத் தண்ணில இருக்கிற உப்பு லெதருக்குள்ள போயி காயும்போது ஓரத்துக்கு வந்து வெள்ளைக் கோடா உக்காந்துக்கும். முழுக்க லேசா ஈரமா இருந்தா அந்த கோடு விழாது. ஏற்கனவே கோடு விழுந்துடுச்சுன்னா வெள்ளை வினிகர் ஒரு பங்கு தண்ணி ஒரு பங்கு கலந்து, துணில தொட்டு துடைச்சு, அப்புறம் வெறும் தண்ணி துணியால ஒரு தடவ துடைச்சா பெரும்பாலும் போயிடும்.

இப்ப பேப்பர். பழைய நியூஸ் பேப்பர கசக்கி உள்ள வைங்க, ஆனா கிச்சுன்னு திணிக்காதீங்க, ஈரமா இருக்கும்போது லெதர் இழுத்த இழுப்புக்கு வரும், நீங்க திணிச்ச ரூபத்துலயே காஞ்சு நின்னுடும். உள்ள லைனிங் வெள்ளையாவோ க்ரீம் கலராவோ இருந்தா மை ஒட்டும், அதுக்கு டிஷ்யூ பேப்பரோ பழைய காட்டன் துணியோ நல்லது. இதுல எல்லாரும் விடுற எடம் எதுன்னா பேப்பர மாத்தாம விடுறது. வெச்ச மொத ஒரு மணி நேரத்துலயே அது தண்ணிய குடிச்சு கனமாயிடும், அதுக்கப்புறம் அது ஷூவுக்குள்ள இருக்கிற ஈரத் துணிதான், காய வெக்காது, காயாம பாத்துக்கும். அதனால தூங்கப் போறதுக்குள்ள ரெண்டு மூணு தடவ மாத்துங்க, காலையில ஒரு தடவ.

ஷூவ நிக்க வெக்காதீங்க, பக்கவாட்டுல படுக்க வைங்க. சோல் அடிப்பக்கமும் காத்து வாங்கணும், தரையில நிக்கிற ஷூவுல ஈரம் பூரா அடியில எறங்கி அங்கயே தங்கிடும். சீலிங் ஃபேன் போதும், டேபிள் ஃபேன் இருந்தா ரொம்ப நல்லது, மூணு நாலு அடி தள்ளி வைங்க.

சூடு ஏன் ஆகாது

லெதர்ல தண்ணி மட்டும் இல்ல, எண்ணெயும் இருக்கு. டேனரில தோல பதப்படுத்தி முடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு எண்ணெய் ஏத்துவாங்க, ராணிப்பேட்டை வாணியம்பாடி பக்கம் டேனரில வேல பாத்தவங்கள கேட்டா ஃபேட்லிக்கர்னு சொல்லுவாங்க. தோல்ல இருக்கிற நாரு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்காம வழுக்கிக்கினு போறதுக்கு அதுதான் காரணம், லெதர் மடங்குறதே அதனாலதான். நல்லா ஊறின லெதர சூட்டுல வேகமா காய வெச்சா தண்ணி வெளிய ஓடும்போது அந்த எண்ணெயையும் எடம் மாத்தி இழுத்துக்கினு போகுது, நாரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது, மேல்பக்கம் மொதல்ல காஞ்சு சுருங்குது உள்பக்கம் இன்னும் ஊறிப்போயே இருக்கு. அதான் அப்பளம்.

இடது ஷூவுல நடந்தது இதான். ஃபிரிட்ஜ் சூட்டுல பசை ஒண்ணும் உருகிடல, அந்தளவு சூடு அங்க இல்ல. லெதர் சுருங்கி முன்பக்கம் மேல இழுத்துச்சு, பசை ஏற்கனவே தண்ணில ஊறி பலவீனமா இருந்துச்சு, ரெண்டும் சேந்து விரல் பக்கம் விட்டுக்குச்சு. உள் அட்டையும் ஓரம் மேல சுருண்டுக்கினு இருந்துச்சு, கால வெச்சா கத்தி மாதிரி ஓரத்துல குத்துது.

ஃபிரிட்ஜவிட மோசமானது நம்ம ஊர் மொட்டை மாடி. வேலூர் மழை எப்படின்னு தெரியும்ல, ராத்திரி பூரா ஊத்தும், காலையில பத்து மணிக்கு ஒண்ணுமே நடக்காத மாதிரி வெயில் சுள்ளுன்னு அடிக்கும், உடனே எல்லாரும் ஷூவ எடுத்துக்கினு போயி தகர ஷீட் மேலயோ சிமென்ட் தரையிலயோ காய வெப்பாங்க. அங்க சூடு பசைய எளக்குற அளவுக்கே போகும், ஃபேக்டரில நாங்க சோல் ஒட்டுறதுக்கு முன்னாடி பசைய சூடு காட்டிதான் எளக்குவோம், அதே வேலைய வெயில் உங்களுக்கு இலவசமா செஞ்சு குடுத்துடும், ஆனா அழுத்திப் புடிக்க பிரஸ் அங்க இல்ல. ஹேர் டிரையர், குக்கர் பக்கத்துல, வண்டி இன்ஜின் மேல, எல்லாம் இதே கணக்குதான்.

காஞ்சிருச்சான்னு தொட்டுப் பாத்து தெரியாது

வலது ஷூவோட கத இங்கதான் இருக்கு. கட்டைப்பையிலிருந்து எடுத்ததும் ரெண்டையும் சமையல்கட்டு தராசுல வெச்சேன், நம்ம வீட்டுல இருக்கிற அந்த சின்ன டிஜிட்டல் தராசு, மேல ஒரு பேப்பர் போட்டு. இடது 468 கிராம். வலது 505. ஒரே சைஸ் ஒரே ஷூ, ரெண்டுக்கும் நாலஞ்சு கிராம் வித்தியாசம் இருக்கலாம், 37 கிராம் இருக்காது. அது பூரா தண்ணி. பன்னெண்டு நாளா பாலிதீன் கவருக்குள்ள அடைஞ்சு கெடந்த தண்ணி, வெளிய போக வழியில்லாம பூஞ்சைக்கு சோறு போட்டுக்கினு இருந்துச்சு. பேப்பர் மாத்தி மாத்தி ஃபேன்ல ரெண்டு நாள் வெச்சதும் வலது 471க்கு வந்துச்சு, அதுக்கப்புறம் அசையல.

ஷூவோட வெளி லெதர் மெல்லிசு, ஒரே நாள்ல காஞ்சிடும். தண்ணி ஒளிஞ்சிருக்கிறது விரல் பக்கம் விறைப்பா இருக்கிற எடத்துல, குதிகால்ல இருக்கிற அட்டையில, உள் அட்டைக்கும் சோலுக்கும் நடுவுல. அங்கெல்லாம் உங்க விரல் போகாது. தராசு போகும்.

அதனால நான் சொல்ற வழி, மழைக்காலம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, புரட்டாசியிலயே, நல்லா காஞ்சிருக்கும்போது ஒவ்வொரு ஷூவையும் எடை போட்டு எங்கயாவது எழுதி வெச்சுக்குங்க. இடது வலது தனித்தனியா. நனைஞ்சதுக்கப்புறம் அந்த எடைக்கு பத்து கிராம் பக்கத்துல வந்தா காஞ்சிருச்சுன்னு அர்த்தம், அச்சு அசலா அதே எடைக்கு வராது, மழைக்காலத்து காத்துலயே ஈரம் இருக்கிறதால லெதரும் கொஞ்சம் வாங்கி வெச்சுக்கும். முன்னாடியே எடை போடலன்னா காலையில ஒரு தடவ ராத்திரி ஒரு தடவ போடுங்க, ரெண்டு தடவைக்கும் நடுவுல அஞ்சு கிராமுக்கு மேல எறங்கலன்னா போதும். முழுசா ஊறின ஷூவுக்கு ரெண்டு நாள் சாதாரணமா ஆகும், விடாம அடைமழை புடிச்சுதுன்னா மூணு நாலு நாளும் ஆகும். அதுவரைக்கும் பாலிஷ் போடாதீங்க. பாலிஷ்ல இருக்கிற மெழுகு மேல மூடிபோட்ட மாதிரி உக்காந்துக்கும், உள்ள இருக்கிற ஈரம் வெளிய வர இன்னும் லேட் ஆகும், அக்கா பையன் பண்ணின ரெண்டாவது தப்பு அது.

ஒரே ஷூவ தெனமும் போடுறவங்களுக்கும் இதே கணக்குதான், மழையே இல்லன்னாலும் ஒரு நாள் பூரா போட்டா கால் வேர்வை உள்ள எறங்கும், அது காய ஒரு ராத்திரி பத்தாது. இந்த ரெண்டு மூணு மாசமாவது ரெண்டு ஜோடிய மாத்தி மாத்தி போடுங்க, ஒண்ணு ரப்பர் ஷூவா இருந்தாகூட பரவால்ல.

பூஞ்சையா வேற எதாவதா

வெள்ளையா எத பாத்தாலும் பூஞ்சைன்னு நெனச்சுடாதீங்க. லெதர் உள்ள இருக்கிற கொழுப்பே சில நேரம் மேல வந்து வெள்ளை மாவு மாதிரி படியும், உப்பும் படியும். ஹேர் டிரையர லோல வெச்சு ஒரு அடி தள்ளி அஞ்சு பத்து செகண்ட் காட்டுங்க, இங்க மட்டும் அது உதவும். அந்த வெள்ளை உருகி காணாம போச்சுன்னா அது கொழுப்பு, துணியால தேச்சா முடிஞ்சது. ஈரத் துணிக்கு கரைஞ்சு போயி காஞ்சதும் திரும்பி வந்தா உப்பு. பூஞ்சை சூட்டுக்கு உருகாது, கிட்ட பாத்தா பஞ்சு மாதிரி மயிர் மயிரா நிக்கும், வட்டம் வட்டமா வரும், பழைய பொஸ்தகத்து வாசன அடிக்கும். அது மொதல்ல வர்ற எடமும் தனி, வேர்வை படுற லைனிங், நாக்கு, தையல் இடுக்கு.

பூஞ்சைன்னு உறுதியாச்சுன்னா ஷூவ வெளிய எடுத்துக்கினு போயிடுங்க, வீட்டுக்குள்ள பிரஷ் போட்டா அந்த தூசி பூரா மத்த ஷூ மேலயும் உங்க மூக்குலயும்தான் போகும். மாஸ்க் போட்டுக்குங்க, ஆஸ்துமா இருக்கிறவங்க வேற யார்கிட்டயாவது குடுங்க. காஞ்ச பிரஷ்ல தட்டிட்டு, மெடிக்கல் ஷாப்புல கெடைக்கிற சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து, துணில தொட்டு வெளிய உள்ள எல்லாம் துடைங்க. ஸ்பிரிட் சில லெதர்ல கலர எடுத்துடும், அதனால மொதல்ல நாக்குக்கு உள்பக்கம் கண்ணுக்கு தெரியாத எடத்துல தொட்டுப் பாத்துட்டு செய்ங்க, கலர் துணில வந்தா ஸ்பிரிட்ட விட்டுட்டு முன்ன சொன்ன வினிகர் தண்ணியே போதும். பத்து நிமிஷம் விட்டு வெறும் ஈரத் துணியால துடைச்சு, மறுபடியும் மொதல்லேர்ந்து காய வைங்க, பேப்பர், ஃபேன், தராசு. உள்ள போட்டிருந்த மெத்தை அட்டைய தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிடுங்க, அத சுத்தம் பண்ணி ஜெயிச்சவன நான் பாத்ததில்ல. அப்புறம் அந்த செல்ஃப், டப்பா. டப்பாவ குப்பையில போடுங்க, செல்ஃப ஸ்பிரிட் துணியால துடைச்சு தொறந்தே விடுங்க. செல்ஃப விட்டுட்டு ஷூவ மட்டும் துடைச்சா அடுத்த மாசம் இதே வேல.

வலது ஷூவுக்கு இதெல்லாம் ரெண்டு தடவ பண்ணினேன், மொத தடவ தையல் இடுக்குல இருந்தத விட்டுட்டேன் போல, நாலு நாள்ல திரும்பி எட்டிப் பாத்துச்சு. பழைய டூத் பிரஷ்ல தொட்டு இடுக்கு இடுக்கா தேச்சதுக்கப்புறம் வரல.

வராம இருக்கணும்னா எல்லாரும் ரெண்டு வேல செய்வாங்க. ஒண்ணு பாச்சா உருண்டை போடுறது, அது பூச்சிக்கு, பூஞ்சைக்கு அத நம்ப முடியாது, ஷூல நாத்தம்தான் மிச்சம். இன்னொண்ணு கடை டப்பாவுல வர்ற அந்த சின்ன சிலிக்கா ஜெல் பாக்கெட்ட பத்திரமா வெச்சுக்கிறது. அந்த பாக்கெட்டு உங்க கைக்கு வர்றதுக்குள்ளயே பெரும்பாலும் வயிறு முட்ட குடிச்சிருக்கும், புதுசுன்னே வெச்சாலும் சிலிக்கா ஜெல் தன் எடையில கால் பங்கு மாதிரிதான் தண்ணி புடிக்கும், அஞ்சு கிராம் பாக்கெட்டு ஒரு கிராம் சொச்சம் புடிக்கும். வலது ஷூவுல இருந்தது முப்பது கிராமுக்கு மேல. நல்லா காஞ்ச ஷூவ மூடுற டப்பாவுல போட்டு அதோட நூறு கிராம் புது சிலிக்கா ஜெல் வெச்சா பிரயோஜனம் உண்டு, ஈர ஷூவ காய வெக்கிறதுக்கு அது ஆகாது. செலவில்லாத வழி வேணும்னா, மழை நனைக்கிற வெளிச்செவுத்த ஒட்டி ஷூ செல்ஃப் வெக்காதீங்க, ஒரு ஜாண் தள்ளி வைங்க, கதவ தொறந்து விடுங்க, பாலிதீனுக்கு பதிலா பழைய வேட்டித் துணி பையில போடுங்க.

தேங்காய் எண்ணெய பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா அக்கா அதத்தான் சொன்னாங்க, "காஞ்சு போச்சுன்னா எண்ணெய தடவுடா"ன்னு. தடவினா அப்போதைக்கு பளபளன்னு மெத்துன்னு இருக்கும், ஆனா கலர் கறுத்துடும், கொஞ்ச நாள்ல சிக்கு வாசன அடிக்கும், தூசி ஒட்டும், பூஞ்சைக்கும் அது விருந்து. தலைக்கு வெச்சுக்கோங்க.

அப்பளமானத திருப்ப முடியுமா

இடது ஷூவ தூக்கிப் போட சொல்றதுக்கு முன்னாடி அத வளைச்சுப் பாத்தேன். விரல் மடங்குற எடத்துல கோடு கோடா வெடிப்பு இருந்துச்சு. வெடிப்புல ரெண்டு தினுசு இருக்கு. மேல இருக்கிற கலர் பூச்சு மட்டும் வெடிச்சிருந்தா கோடு மெல்லிசா இருக்கும், நகத்த வெச்சு இழுத்தா எங்கயும் மாட்டாது. லெதரே வெடிச்சிருந்தா நகம் உள்ள எறங்கும், வளைச்சா வாய் தொறந்து உள்ள பழுப்பா நாரு தெரியும். நாரு தெரிஞ்சா அந்த ஷூவுக்கு சோலுக்கோ வேற எதுக்கோ பைசா செலவு பண்ணாதீங்க, எத போட்டாலும் அந்த எடத்துல கிழியும். இவனுது பூச்சு வெடிப்புதான்.

அதனால லேசா ஈரத் துணில துடைச்சு, நேச்சுரல் கலர் லெதர் க்ரீம் பட்டாணி அளவு எடுத்து கைவிரலாலயே தேச்சேன், மடிப்புல கொஞ்சம் கூட. ராத்திரி பூரா விட்டு, மிச்சத்த துடைச்சு, மறுநாள் மறுபடி. மூணு தடவ. ஒரேயடியா நெறைய அப்பினா லெதர் தொளதொளன்னு ஆயிடும். மொத தடவையில வித்தியாசமே தெரியல, மூணாவதுக்கு அப்புறம் மொறமொறப்பு போயி வளைய ஆரம்பிச்சுது, பழையபடி முழுசா வரல, முக்கா பங்கு வந்துச்சுன்னு வைங்க. இதுக்கு லிக்விட் ஷைனர் உதவாது, பஞ்சு வெச்ச பாட்டில்ல வருமே அது, அது மேல ஒரு பளபள படலம் போடும், உள்ள ஒண்ணும் போகாது.

சோல்: ஒட்டுறதா, மாத்துறதா, விட்டுடுறதா

இத முடிவு பண்ண மூணு எடத்துல பாக்கணும். மேல லெதர் எப்படி இருக்குன்னு இப்பதான் சொன்னேன். ரெண்டாவது, சோல் எதால ஆனது. மூணாவது, அது எப்படி மாட்டியிருக்கு.

எதால ஆனதுங்கிறது ஏன் முக்கியம்னா, பியூ சோல்னு ஒண்ணு இருக்கு, வெயிட்டே இல்லாம மெத்துன்னு இருக்கும், ஃபார்மல் ஷூ நெறையத்துல இதான். அது காத்துல இருக்கிற ஈரத்த குடிச்சு குடிச்சு உள்ளுக்குள்ளயே உடையும், அதுவும் போடாம வெச்சிருக்கிற ஷூவுலதான் ஜாஸ்தி தெரியும். நானே கல்யாணத்துக்குன்னு ஒரு ஜோடிய நாலு வருஷம் பத்திரமா வெச்சிருந்து, குடியாத்தத்துல ஒரு கல்யாண மண்டபத்துல மேடைக்கு ஏறி மொய் எழுதிட்டு எறங்குறதுக்குள்ள குதிகால் ரஸ்க்கு மாதிரி பொடிப்பொடியா உதுந்துச்சு, ஷூ கம்பெனிக்காரன் ஷூவே இப்படின்னு பந்தியில ஒரே சிரிப்பு. சோல் ஓரத்துல கட்டவிரல் நகத்த வெச்சு அழுத்தி பாருங்க, பள்ளம் விழுந்து திரும்பி வராம இருந்தாலோ, பொடி உதுந்தாலோ, பிசுபிசுன்னு ஒட்டினாலோ அது போச்சு. அதுல பசை போட்டு ஒட்டுறது மணல் மேல ஸ்டிக்கர் ஒட்டுற மாதிரி, பசை புடிக்கும், அது புடிச்ச எடம் கையோட வந்துடும். மேல லெதர் நல்லா இருந்தா முழு சோலையும் எடுத்துட்டு ரப்பர் சோல் போடலாம், நான் அப்படித்தான் போட்டேன். ஆனா ரெடிமேட் சோல் வாங்கும்போது சைஸ் நம்பர மட்டும் பாத்து வாங்காதீங்க, ஒவ்வொரு ஷூவும் ஒவ்வொரு கட்டை மேல ஏத்தினது, அடி வளைவு மாறும், ஷூவ மேல வெச்சு நடுப் பள்ளத்துல சந்து இல்லாம உக்காருதான்னு பாத்துதான் வாங்கணும். சந்து இருந்தா அடுத்த மழைக்கு அங்கதான் தொறக்கும்.

எப்படி மாட்டியிருக்குன்னு பாக்க மெத்தை அட்டைய தூக்குங்க. உள்ள சுத்திலும் தையல் ஓடுதுன்னா சோலோட சேத்து தைச்சது. உள்ள தையல் இல்ல, ஆனா வெளிய லெதருக்கும் சோலுக்கும் நடுவுல ஒரு பட்டை ஓடுது, பட்டை மேல தையல், அதே தையல் சோல் அடியிலயும் தெரியுதுன்னா அது வெல்ட் வெச்ச ஷூ, சோல் மாத்துறதுக்குன்னே செஞ்சது, ரெண்டு மூணு தடவ மாத்தலாம். பட்டை மேல தையல் இருக்கு அடியில ஒண்ணும் இல்லன்னா சந்தேகப்படுங்க, அழகுக்கு போட்ட தையலா இருக்கலாம், சில சோல்ல அடியில பள்ளம் வெட்டி தையல மறைச்சும் வெப்பாங்க. எங்கயும் தையல் இல்லன்னா வெறும் பசையில ஒட்டினது, நம்ம கடைகள்ல கெடைக்கிறது முக்காவாசி இதான், அது மட்டம்னு அர்த்தம் இல்ல.

வெல்ட் ஷூ வெச்சிருக்கிறவங்க ஒண்ணு கவனிங்க, லெதர் சோலா இருந்தா நடுவுல கட்டவிரலால அழுத்துங்க, மெத்துன்னு உள்ள போச்சுன்னா மாத்துற நேரம் வந்துருச்சு, ஓட்டை விழுற வரைக்கும் காத்திருந்தா தண்ணி உள்ள போயி உள் அட்டையும் போயிடும். மழைக்குன்னு ஹாஃப் சோல் ரப்பர் ஒட்டுறதா இருந்தா சோல் நல்லா காஞ்சப்புறம் ஒட்டுங்க, ஈரத்து மேல ஒட்டினா ஈரம் உள்ளயே மாட்டிக்கும்.

அக்கா பையன் ஷூ ரப்பர் சோல், பசையில ஒட்டினது, நகம் அழுத்தினா பள்ளம் உடனே திரும்பி வந்துச்சு. லெதரும் ஓகே. அப்ப சோல் மாத்த தேவையே இல்ல, ஒட்டி தைச்சா போதும். ரெண்டு ஷூவையும் எடுத்துக்கினு பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் உக்காந்து செருப்பு தைக்கிற அண்ணன்கிட்ட போனோம்.

அவரு பாட்டில தொறந்து நேரா பசைய ஊத்தப் போனாரு, நான் "அண்ணா ஒரு நிமிஷம், பழைய பசைய சொரண்டிட்டு ஊத்துங்க"ன்னேன். "எனக்கே சொல்றியா, இன்னா கம்பெனிப்பா நீ"ன்னு மொறச்சாரு, ஆம்பூர்ல லாஸ்டிங்னு சொன்னதும் சிரிச்சுட்டு, "அப்ப உனக்காக ஒழுங்கா செய்றேன்"னாரு. நீங்களும் நின்னு பாருங்க, ஏன்னா ஒட்டின வேல நிக்கிறதும் போறதும் இதுலதான் இருக்கு. பொளந்த வாயில இருக்கிற பழைய பசையும் சேறும் போகணும், ரெண்டு பக்கமும் உப்புத்தாளால சொரசொரப்பாக்கணும். பசைய ரெண்டு பக்கமும் மெல்லிசா தடவணும், ஒரு பக்கம் மட்டும் இல்ல. தடவினதும் ஒட்டக்கூடாது, பத்து பதினஞ்சு நிமிஷம் விடணும், விரல் முட்டியால தொட்டா இழுக்கணும் ஆனா கையில ஒட்டி வரக்கூடாது. அப்ப சேத்து நல்லா அழுத்தி, சுத்தியல்ல ஓரம் பூரா தட்டணும். மழை நாள்ல அந்த பதினஞ்சு நிமிஷம் இருபத்தஞ்சு நிமிஷம்கூட ஆகும். பொறுமை இல்லாத கஸ்டமர் இருந்தா தைக்கிறவரு என்ன பண்ணுவாரு, அஞ்சு நிமிஷத்துல ஒட்டி குடுத்துடுவாரு.

வீட்டுல இருக்கிற அந்த உடனே ஒட்டுற சின்ன டியூப் பசைய போடாதீங்க. காஞ்சா கண்ணாடி மாதிரி ஆயிடும், ஷூ மடங்குற எடத்துல நாலு அடி நடந்தா விட்டுடும். அதவிட மோசம், அடுத்து யாரு நல்ல பசை போட வந்தாலும் அந்த கண்ணாடிய லேசுல சொரண்டி எடுக்க முடியாது.

ஒட்டினப்புறம் ரெண்டு ஷூவுக்கும் சோல் ஓரத்துல சுத்தி தையல் போட சொன்னேன், ஒரு ஜோடிக்கு 180 ரூபா வாங்கினாரு ஒட்டினதோட சேத்து. தையல் போட்டா பலம், ஆனா ஊசி போன ஒவ்வொரு ஓட்டையும் தண்ணிக்கு வழி, அதனால நூல்ல மெழுகு தேச்சு தைக்கச் சொல்லுங்க, வீட்டுக்கு வந்து தையல் ஓரம் பூரா டப்பா வேக்ஸ் பாலிஷ பழைய டூத் பிரஷ்ல கொஞ்சம் அழுத்தி தேச்சு விடுங்க, மழைக்காலம் முடியுற வரைக்கும் வாரம் ஒரு தடவ. ஒரு நாள் முழுக்க போடாம வெச்சு, அப்புறம் போடுங்க.

காசு கணக்கு பாத்தா, ஒட்டித் தைக்கிறது எப்பவுமே செய்யலாம், அது சின்ன காசு. முழு சோல் மாத்துறது என்னோட கணக்குல, அதே மாதிரி புது ஷூ வெலையில மூணுல ஒரு பங்குக்குள்ள முடிஞ்சா செய்வேன், பாதிக்கு மேல போச்சுன்னா வெல்ட் ஷூவுக்கு மட்டும்தான் செய்வேன். குதிகால் அடியில இருக்கிற ரப்பர் துண்டு மட்டும் தேஞ்சா யோசிக்காம உடனே மாத்துங்க, அது தேஞ்சு முடிஞ்சு மேல இருக்கிற ஹீல் தேய ஆரம்பிச்சுதுன்னா செலவு ரெட்டிப்பு.

இப்ப அவன் அந்த ஷூவத்தான் போட்டுக்கினு இருக்கான், இடது கால்ல மட்டும் மடிப்புல அந்த கோடுங்க லேசா தெரியும். இந்த வருஷம் புரட்டாசியிலயே எடை போட்டு செல்ஃப் கதவு உள்பக்கம் பென்சில்ல எழுதி வெச்சிருக்கான், இடது 466, வலது 470. அக்காவுக்குதான் கோவம், மொளகா தூள் நிறுக்கிற தராசுல செருப்ப வெக்கிறான்னு. அதனால தனியா ஒரு தராசு வாங்கிக்குங்க, இல்ல பேப்பர் போட்டு வெச்சுட்டு, யாரும் பாக்கறதுக்குள்ள துடைச்சு வெச்சுடுங்க.